டைரியில் கேட்கும் கேள்வியும் அதிலிருந்து எடுக்கும் முடிவும்

புத்தகக் கடைகளில் இப்போது ஒரு வகை நோட்டு கிடைக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் மேலே ஒரு கேள்வி அச்சிட்டிருக்கும், கீழே எழுதுவதற்கு வெற்றுக் கோடுகள். இன்று உங்களை வருத்தியது எது? நீங்கள் ஏன் அப்படி உணர்ந்தீர்கள்? ஐந்து ஆண்டுகள் கழித்து எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? ‘ஜர்னலிங்’ என்ற பெயரில் பரவியிருக்கும் இந்தப் பழக்கத்தில் பலரும் சில வாரம் ஆர்வமாக எழுதுகிறார்கள். ஆனால் மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால், முதல் வாரத்தில் எழுதிய அதே மனக்குறை அதே சொற்களில் பன்னிரண்டாவது வாரத்திலும் இருக்கும். வேலை மாறவில்லை, பேச வேண்டியவரிடம் பேசவில்லை, நிலத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்பதும் தீரவில்லை.

இதற்கு எழுதுபவரின் சோம்பலைக் காரணம் சொல்வது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. மனத்தை ஆற்றும் எழுத்தும் முடிவெடுக்கும் எழுத்தும் இரண்டு வேறு வேலைகள். அவற்றுக்கான கேள்விகள் வேறு, நேரம் வேறு, எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் வேறு. முதல் வேலைக்கான கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டாவது வேலையை எதிர்பார்ப்பதால்தான் நோட்டு நிறைகிறது, வாழ்க்கை அப்படியே நிற்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் உளவியலாளர்கள் செய்த ஆய்வுகளையும், அதற்கு முன்பே சிலர் தம் தாள்களில் செய்துபார்த்ததையும் சேர்த்து வைத்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

ஆற்றும் எழுத்து

இந்தத் துறையின் தொடக்கப் புள்ளி 1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு. கல்லூரி மாணவர்கள் 46 பேரை அடுத்தடுத்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுத வைத்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சாதாரணத் தலைப்பு. மற்றவர்களுக்கு, வாழ்வில் தங்களை மிகவும் உலுக்கிய நிகழ்வு. அவர்களிலும் சிலர் நிகழ்ச்சியை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் எழுத வேண்டும். எழுதி முடித்த உடனே, உலுக்கிய நிகழ்வைப் பற்றி உணர்ச்சியோடு எழுதியவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில், நடந்ததையும் அதை உணர்ந்த விதத்தையும் சேர்த்து எழுதியவர்கள் உடல்நலக் குறைவென்று கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது.

இதிலிருந்து கிளைத்த ஆய்வுகளில் நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது 1994இல் வந்தது. டல்லஸ் நகரில் ஒரு பெரிய நிறுவனம் நீண்டகால ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய பொறியாளர்கள். அவர்களில் ஒரு பிரிவினர் வேலையிழப்பைப் பற்றிய தங்கள் உள்ளத்தை ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம் எழுதினார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை கிடைத்திருந்தது. எழுதாதவர்களிலும், நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்று மட்டும் எழுதியவர்களிலும் ஐந்தில் ஒருவர் அளவுக்கே கிடைத்திருந்தது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு நேர்காணல்களுக்குத்தான் போயிருந்தார்கள். எழுத்து அவர்களை அதிகம் அலைய வைக்கவில்லை. உள்ளே தேங்கியிருந்த கோபத்தைக் கரைத்தது, நேர்காணல் அறையில் அந்தக் கோபம் எட்டிப்பார்க்கவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

இந்த வெற்றிக் கதையை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 2006இல் ஜோவான் ஃபிராட்டரோலி இத்தகைய 146 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அளந்தபோது, எழுதுவதால் நன்மை உண்டு, ஆனால் சராசரியாகப் பார்த்தால் அது சிறியது என்றே தெரிந்தது. மேலும் எல்லோருக்கும் அது நன்மையும் இல்லை. டேவிட் ஸ்பாரா குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மணமுறிவால் பிரிந்தவர்களை உணர்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஏற்கெனவே ‘எனக்கு ஏன் இப்படி நடந்தது’ என்று பொருள் தேடித் தவித்துக்கொண்டிருந்தவர்கள் எழுதியதால் தேறவில்லை. அன்றாட வேலைகளைப் பற்றிச் சாதாரணமாக எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஒன்றையே மனத்தில் உழற்றும் பழக்கம் உள்ளவர் கையில் பேனாவைக் கொடுத்தால், அந்த உழற்றலுக்கு ஒரு தாளும் கிடைத்துவிடுகிறது.

ஆற்றுகிற எழுத்தையும் உழற்றுகிற எழுத்தையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பென்னபேக்கர் தன்னிடம் சேர்ந்த கட்டுரைகளைக் கணினியில் எண்ணிப் பார்த்தார். நலம் பெற்றவர்களின் எழுத்தில் முதல் நாளைவிடக் கடைசி நாளில், காரணத்தைக் குறிக்கும் சொற்களும் புரிதலைக் குறிக்கும் சொற்களும் கூடியிருந்தன. அதாவது ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ போன்றவை. முதல் நாளிலேயே முழு விளக்கத்தோடு வந்தவர்கள் அவ்வளவு பயன்பெறவில்லை. கதை மாறிக்கொண்டே போக வேண்டும். ஆகவே நம் நோட்டைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான்காம் நாள் எழுதியதில் முதல் நாள் இல்லாத ஒன்று இருக்கிறதா? இல்லை, அதே வரிகள்தான் வருகின்றன என்றால் அந்த வழியில் எழுதுவதை நிறுத்திவிடலாம். நான்கைந்து நாளில் முடிகிற வேலையாகத்தான் இது ஆய்வுகளில் நடந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் தொடர வேண்டிய கடமையாக அதைக் காட்டுவது நோட்டு விற்பவர்கள்.

‘ஏன்’ என்ற கேள்வியின் சிக்கல்

முடிவெடுக்க எழுதும்போது பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது ‘எனக்கு இது ஏன் பிடிக்கிறது, அது ஏன் பிடிக்கவில்லை’ என்பது. அறிவார்ந்த கேள்வி போலத் தெரியும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமதி வில்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட சோதனை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. மாணவிகளிடம் ஐந்து சுவரொட்டிப் படங்களைக் காட்டினார்கள். சில மோனே, வான்கோ ஓவியங்களின் அச்சு, மற்றவை வேடிக்கை வாசகங்களோடு கூடிய படங்கள். ஒரு பிரிவினர், தமக்கு ஒவ்வொன்றும் ஏன் பிடிக்கிறது என்று காரணம் எழுதிவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அப்படி எழுதாமலே எடுத்தார்கள். காரணம் எழுதியவர்களில் வேடிக்கைப் படத்தை எடுத்தவர்கள் அதிகம். சில வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டபோது, தாங்கள் எடுத்த படத்தில் அவர்களுக்கே மற்றவர்களைவிட நிறைவு குறைவாக இருந்தது.

ஓர் ஓவியம் ஏன் பிடிக்கிறது என்று சொல்வது கடினம். வேடிக்கைப் படம் பிடிக்கக் காரணம் எழுதுவது எளிது. எழுதக் கிடைத்த காரணங்கள், எழுத வராத விருப்பத்தை ஓரம் தள்ளிவிட்டன. இதை வேலைக்கும் திருமணத்துக்கும் வீடு வாங்குவதற்கும் பொருத்திப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. சம்பளம், தூரம், பட்டம் ஆகியவை எளிதில் தாளில் இறங்கும். அந்த அலுவலகத்தில் உட்கார்ந்தால் மாலையில் உடம்பு எப்படி இருக்கிறது, அந்த மனிதரோடு பேசிவிட்டு வந்தால் மனம் எப்படி இருக்கிறது என்பவை எளிதில் இறங்கா.

அப்படியானால் என்ன கேட்பது? ஆங்கில எழுத்தாளரும் பின்னாளில் உளப்பகுப்பாய்வாளருமான மரியன் மில்னர் 1926இல் ஒரு டைரியைத் தொடங்கினார். தனக்கு மகிழ்ச்சி தருவது எது என்று கண்டுபிடிப்பதே நோக்கம். எனக்கு என்ன வேண்டும் என்ற பட்டியல்களையும் எழுதினார், அன்றன்று தன்னை உண்மையில் மகிழ்வித்த கணங்களையும் குறித்தார். இரண்டும் பொருந்தவில்லை. தனக்கு வேண்டும் என்று நினைத்தவை ஒரு பக்கம், நாள்களில் உண்மையில் ஒளி தந்தவை வேறு பக்கம். அந்த அனுபவத்தை ‘எ லைஃப் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ என்ற நூலாக 1934இல், ஜோவான்னா ஃபீல்டு என்ற புனைபெயரில் வெளியிட்டார். என் கணிப்பில், தன்னாய்வுக் கேள்விகளைப் பற்றி இதைவிட நேர்மையான சான்று அரிது. ‘ஏன்’ என்று கேட்காமல் ‘என்ன நடந்தது, எப்போது, யாரோடு, அப்போது எப்படி இருந்தது’ என்று கேட்டால் விளக்கத்துக்குப் பதில் பதிவு கிடைக்கிறது. ஆறு வாரப் பதிவு ஒரு நாள் விளக்கத்தைவிட நம்பகமானது.

கேள்வியை மாற்றுவதில் இன்னொரு வழியும் நன்றாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. இகோர் கிராஸ்மனும் ஈத்தன் கிராஸும் 2014இல் காட்டியது: காதல் துணையின் துரோகம் பற்றி யோசிக்கச் சொன்னால், மக்கள் தம் சொந்த விஷயத்தைவிட நண்பருடைய விஷயத்தில் அதிக விவேகத்தோடு யோசிக்கிறார்கள். எதிராளியின் கோணம், தமக்குத் தெரியாதவை, நடுவழி எல்லாம் நண்பருக்காக யோசிக்கும்போது வருகின்றன. தன் சிக்கலைத் தள்ளி நின்று பார்க்கச் செய்தால் இந்த இடைவெளி மறைந்தது. பின்னர் நான்கு வாரம் தம்மைப் படர்க்கையில் வைத்து டைரி எழுதியவர்களிடமும் இந்த விவேகம் வளர்ந்ததாகக் கிராஸ்மன் குழு 2021இல் வெளியிட்டது. தமிழில் இதற்கு இயல்பான வடிவம் உண்டு. ‘நான்’ என்று எழுதாமல், தங்கைக்கோ தம்பிக்கோ கடிதம் எழுதுவது போல எழுதலாம். அக்கா தங்கைக்குச் சொல்லும் தொனி வந்ததுமே பலருக்கு வாக்கியங்கள் மாறிவிடும்.

முடிவுக்கான தாள்

பழைய காலத்தின் மிகத் தெளிவான செய்முறை 1772 செப்டம்பர் 19இல் லண்டனிலிருந்து பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி அப்போது லீட்ஸ் நகரில் சமயப் போதகர். ஷெல்பர்ன் பிரபு தன்னிடம் நூலகராக வரும்படி அவரை அழைத்திருந்தார். போவதா என்று பிரீஸ்ட்லி ஃபிராங்க்ளினிடம் கேட்டார். விவரம் போதாததால் என்ன செய்வதென்று சொல்ல முடியாது, எப்படி முடிவெடுப்பது என்று சொல்கிறேன் என்று ஃபிராங்க்ளின் பதில் எழுதினார். தாளை நடுவில் கோடிட்டு, சார்பானவற்றை ஒரு பக்கமும் எதிரானவற்றை மறுபக்கமும் எழுத வேண்டும். ஒரே அமர்வில் அல்ல, மூன்று நான்கு நாளில், தோன்றும்போதெல்லாம். பிறகு சம எடை உள்ளவற்றை இரு பக்கமும் அடிக்க வேண்டும். ஒரு சார்புக் காரணம் இரண்டு எதிர்க் காரணங்களுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடிக்க வேண்டும். மிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பார்த்து, இன்னும் ஓரிரு நாள் பொறுத்து, புதிதாக எதுவும் தோன்றாவிட்டால் முடிவு. பிரீஸ்ட்லி வேலையை ஏற்று அடுத்த ஆண்டு குடிபெயர்ந்தார். அந்தப் பிரபுவின் மாளிகை ஆய்வகத்தில்தான் 1774 ஆகஸ்டில் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார்.

இன்று ‘சாதக பாதகப் பட்டியல்’ என்று எல்லோரும் போடுவதில் ஃபிராங்க்ளினின் கோடு மட்டும் எஞ்சியிருக்கிறது. நாள்களும் அடித்தலும் போய்விட்டன. முக்கியமானவை அவைதான். ஒரே இரவில் எழுதும் பட்டியல் அந்த இரவின் மனநிலையைத்தான் காட்டும். செவ்வாய்க்கிழமை கோபத்தில் எழுதியதை வெள்ளிக்கிழமை காலை பார்க்கும்போதுதான் அதன் எடை தெரியும்.

ஆனால் ஃபிராங்க்ளின் தாளிலும் ஒரு குறை உண்டு. அது இரண்டு வழிகளை மட்டுமே காட்டுகிறது. சார்லஸ் டார்வின் 1838இல் மணம் செய்வதா வேண்டாமா என்று எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. ஒரு பக்கம் குழந்தைகள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் துணை. மறுபக்கம் நேர இழப்பு, புத்தகத்துக்குப் பணமில்லாமை, மாலையில் படிக்க முடியாமை. முடிவு எட்டியபின் டார்வின் அங்கே நிற்கவில்லை, அடுத்து ‘எப்போது’ என்ற கேள்விக்குப் போனார். சில மாதத்தில், 1839 ஜனவரியில், எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். குறிப்பு செயலானதற்கு அந்த இரண்டாவது கேள்வியும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். ‘ஆமாவா, இல்லையா’ என்ற கேள்வி வாரக்கணக்கில் தீராமல் நின்றால், அதை ‘எப்போது, எந்த வடிவில், எந்த நிபந்தனையோடு’ என்று உடைத்தால் பெரும்பாலும் வழி திறக்கும்.

முடிவுத் தாளில் சேர்க்கக்கூடிய மிகப் பயனுள்ள ஒன்று, எதிர்பார்ப்பை எழுதி வைப்பது. பீட்டர் டிரக்கர் 1999இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொன்னார்: முக்கியமான எந்த முடிவை எடுக்கும்போதும் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள், ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடுங்கள். டிரக்கருக்கு அதில் தெரிந்தது, தொழில்நுட்ப வல்லுநர்களைத் தன்னால் இயல்பாகப் புரிந்துகொள்ள முடிகிறது, பல துறைகளையும் பொதுவாக அறிந்தவர்களோடு ஒட்டவில்லை என்பது. அது அவருக்கே வியப்பாக இருந்தது.

இதை எழுத்தில் வைப்பது ஏன் கட்டாயம் என்பதற்குப் பாரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் 1975இல் வெளியிட்ட ஆய்வு போதும். 1972இல் அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போகும் முன், பயணத்தில் எதெல்லாம் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்னார்கள். பயணம் முடிந்தபின், நீங்கள் அன்று என்ன கணித்தீர்கள் என்று கேட்டார்கள். நடந்தவற்றுக்குத் தாங்கள் தந்ததைவிட அதிக வாய்ப்புத் தந்ததாகவே அவர்களுக்கு நினைவு வந்தது. ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்பது பொய்யாகச் சொல்வதல்ல, நினைவே அப்படித் திருத்தி எழுதிக்கொள்கிறது. டைரியில் தேதியோடு இருக்கும் ஒரு சதவீதத்தை மட்டும் அதனால் திருத்த முடியாது.

ஒரு முடிவு, ஆறு வாரம்

இவை எல்லாம் ஒரு நோட்டில் எப்படி இறங்கும் என்று பார்க்க, நானாக அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு. திருநெல்வேலியில் ஓர் அரசு வங்கிக் கிளையில் எழுத்தர். வயது 39. கணவருக்குப் பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கடை. மகன் ஒன்பதாம் வகுப்பு. மாமியாருக்கு மூட்டு வலி. அதிகாரி பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க அறிவிப்பு வந்திருக்கிறது. உயர்வு கிடைத்தால் வெளியூர் மாறுதல், வெளிமாநிலமாகவும் இருக்கலாம். வங்கி எழுத்தர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

முதல் நான்கு நாள் அவர் மனத்தை மட்டும் எழுதுகிறார். உடன் சேர்ந்தவர்கள் அதிகாரிகளாகிவிட்ட வலி, வீட்டில் யாரும் ‘நீ போ’ என்று சொல்லாத வருத்தம். நான்காம் நாள் ஒரு புதிய வாக்கியம் வருகிறது: ‘என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் கோபம், அனுப்பவில்லை என்பது அல்ல.’ அதோடு அந்த எழுத்தை நிறுத்துகிறார்.

அடுத்த ஐந்து வாரம் இரவில் மூன்றே வரி. இன்று வேலையில் எந்த நேரம் நன்றாகப் போயிற்று, எந்த நேரம் கனத்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். ஐந்தாம் வார இறுதியில் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் படித்து, நடந்த செயல்களை மட்டும் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிடுகிறார். உணர்ச்சிச் சொற்களுக்குக் கோடு இல்லை. நல்ல நேரங்களில் பெரும்பாலானவை கடன் விண்ணப்பங்களைப் பார்த்த நாள்கள், வாடிக்கையாளரோடு உட்கார்ந்து கணக்குப் போட்ட நாள்கள். கனத்தவை பணக் கவுண்டர் நாள்கள். ‘அதிகாரி’ என்ற பதவிச் சொல் அந்த ஐந்து வாரத்தில் இரண்டு முறைதான் வருகிறது. மகனின் பத்தாம் வகுப்பு ஒன்பது முறை.

இப்போது கேள்வி மாறுகிறது. ‘போவதா வேண்டாமா’ போய், மூன்று வழிகள் தாளில் நிற்கின்றன: இந்த ஆண்டே விண்ணப்பிப்பது, மகன் பத்தாம் வகுப்பு முடித்தபின் விண்ணப்பிப்பது, எழுத்தராகவே இருந்து கடன் பிரிவு மேசையைக் கேட்டு வாங்குவது. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே நடக்கலாம் என்பது எழுதியபின்தான் கண்ணில் படுகிறது.

அடுத்து, நோட்டுக்குள் பதில் இல்லாத கேள்விகளைத் தனியாக எழுதுகிறார். எவ்வளவு யோசித்தாலும் தன் மனத்திலிருந்து வராத விவரங்கள் இவை. சென்ற ஆண்டு இந்த மண்டலத்தில் உயர்வு பெற்றவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள்? தேர்வான பின் மறுத்தால் அடுத்த வாய்ப்புக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும்? திரும்பி வர எத்தனை ஆண்டு ஆகிறது? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு நாள்: சங்கப் பொறுப்பாளரிடம் வியாழன், சென்ற ஆண்டு போன தோழியிடம் ஞாயிறு. முடிவெடுக்கும் எழுத்தில் மிக அடிக்கடி விடுபடுவது இந்தப் பக்கம்தான். நோட்டை நம்பியவர்கள் தொலைபேசியை எடுக்க மறந்துவிடுகிறார்கள்.

விவரம் வந்தபின் ஒரு மாலை, தங்கைக்கு எழுதுவது போல ஒரு பக்கம். அதில் தன்னையறியாமல் ஒரு வரி: ‘பையன் பரீட்சையை நீ உட்கார்ந்து எழுதப்போவதில்லை, ஆனாலும் அந்த வருஷம் நீ வீட்டில் இல்லாவிட்டால் உனக்கே தாங்காது.’ மகனுக்காக என்று நினைத்தது பெருமளவு தனக்காக என்று தெரிகிறது. அதில் தவறில்லை, ஆனால் எடை போடும்போது சரியான பெயரில் போட வேண்டும். பிறகு, முடிவு ஆராய்ச்சியாளர் கேரி கிளைன் பரப்பிய வழியில் ஒரு பயிற்சி: ஓராண்டு ஓடிவிட்டது, தள்ளிப்போட்ட முடிவு தோற்றுவிட்டது, எப்படித் தோற்றது? அவர் எழுதுவது: ‘அடுத்த ஆண்டும் வேறொரு காரணம் வந்தது. கடன் மேசையை நான் கேட்கவே இல்லை.’

கடைசிப் பக்கம்தான் முடிவுப் பக்கம். தேதி. முடிவு: இந்த ஆண்டு இல்லை, அடுத்த அறிவிப்பில் கட்டாயம். எதிர்பார்ப்பு: கடன் மேசை மூன்று மாதத்தில் கிடைக்க 60 சதவீத வாய்ப்பு, அடுத்த ஆண்டு நான் உண்மையில் விண்ணப்பிக்க 75 சதவீதம், பத்தாம் வகுப்புப் படிப்பில் மகனுக்கு என் உதவி தினமும் தேவைப்பட 80 சதவீதம். மனத்தை மாற்றக்கூடியவை: மாமியாருக்கு அறுவை சிகிச்சை, மாறுதல் விதியில் மாற்றம். முதல் செயல்: திங்கள் காலை பத்து மணிக்கு முன், கவுண்டர் தொடங்குவதற்குள், மேலாளர் அறையில் கடன் மேசையைக் கேட்பது. மறுபார்வை: ஆறு மாதம் கழித்து, நாள்காட்டியில் குறித்த ஒரு ஞாயிறு.

நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதுவது சின்ன விஷயமாகத் தோன்றும். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களுக்குக் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி முகாம் அறிவிப்பு அனுப்பியபோது, போகும் நாளையும் நேரத்தையும் தாங்களே எழுதிக்கொள்ளச் சொன்னதால், ஊசி போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு 33 பேரிலிருந்து 37 பேராக உயர்ந்தார்கள் என்று கேத்தரின் மில்க்மன் குழு 2011இல் காட்டியது. மலையளவு மாற்றம் அல்ல. ஒரு வரி எழுதுவதன் விலைக்கு நல்ல கூலி.

மறுபார்வை நாளில் என்ன தெரிகிறது? கடன் மேசை கிடைத்தது, ஆனால் ஐந்து மாதம் ஆயிற்று. அதில் அவர் கணித்தது தவறு, ஆனால் வேலை பிடித்திருக்கிறது. மகனோ தெருமுனை டியூஷனில் நண்பர்களோடு படித்துக்கொள்கிறான், வாரத்துக்கு ஓரிரு நாள்தான் அம்மாவைத் தேடுகிறான். 80 சதவீதம் என்று தான் எழுதிய எண் கண்ணெதிரே இருக்கிறது. அந்த எண் இல்லாவிட்டால், ‘அவன் சமாளித்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும்’ என்று நினைவு சொல்லியிருக்கும். வீட்டில் தன் தேவையை மிகையாகக் கணிக்கும் பழக்கம் கண்ணில் படாமலே போயிருக்கும். அடுத்த அறிவிப்பு வரும்போது முடிவுப் பக்கத்தின் எடைகள் இதனால் மாறும்.

முடிவு நல்லதா என்பதையும் விளைவு நல்லதா என்பதையும் இந்த மறுபார்வையில் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலாளர் மாறியதால் மேசை தாமதமானது என்றால் அது கணிப்பின் பிழையே தவிர, முடிவின் பிழை அல்ல. அன்று கைக்கு எட்டிய விவரத்தைக் கேட்காமல் விட்டதால் தவறியது என்றால், அது முடிவெடுத்த முறையின் பிழை. அதைத்தான் அடுத்த பக்கத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.

எங்கே இது வேலை செய்யாது

இருநிலையில் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்களைப் பற்றி ஸ்டீவன் லெவிட் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சொல்லத் தக்கது. வேலையை விடுவதா, உறவை முறிப்பதா என்று தவித்தவர்கள் இணையத்தில் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். மாற்றத்தைச் செய்தவர்கள் ஆறு மாதம் கழித்துச் செய்யாதவர்களைவிட மகிழ்வாக இருப்பதாகச் சொன்னார்கள். தாமாக முன்வந்து கலந்துகொண்டவர்கள் என்பதால் இதை எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் ஒரே கேள்வி நோட்டில் நான்கு மாதம் வந்துகொண்டே இருந்தால், இருக்கும் நிலைக்கே மனம் அதிகச் சலுகை தருகிறதோ என்று ஐயப்பட அது காரணம் தருகிறது.

துக்கத்துக்கு முடிவுப் பக்கம் பொருந்தாது. இறந்தவரைப் பற்றி எழுதுபவர் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு, எழுத எழுதத் தன்மேல் வெறுப்புக் கூடினால், நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போவதே சரி. அந்த நிலையில் எடுக்கும் பெரிய முடிவுகளையும் தள்ளிப்போட வேண்டும்.

இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது. தனி அறையும் பூட்டும் இல்லாத வீட்டில் டைரியை யாரேனும் படித்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், எழுத்து தானாகவே பிறர் கண்ணுக்கு ஏற்றதாக மாறிவிடும். மாமியாரைப் பற்றிய வரி மென்மையாகும், கணவரைப் பற்றிய வரி காணாமல் போகும். அப்படி எழுதியதிலிருந்து எடுக்கும் முடிவும் அவர்களுக்காக எடுத்ததாகவே இருக்கும். மனத்தை ஆற்றும் எழுத்தை வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பென்னபேக்கர் தம் வாசகர்களுக்கு, எழுதியதைக் கிழித்துப் போடலாம், எரித்தும் விடலாம் என்றே சொல்கிறார். வைத்திருக்க வேண்டியது முடிவுப் பக்கம் ஒன்றுதான். தேதி, முடிவு, சதவீதங்கள், முதல் செயல், மறுபார்வை நாள் என அதில் இருப்பவை பத்து வரிக்குள் அடங்கும். வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால் யாரும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள்.